முன் பிரேக் கத்துகிறது, பின் பிரேக் பிடிக்கவில்லை: ஒரு சைக்கிளின் கதை

தங்கச்சி போன் செய்து சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, முன் பிரேக்கைப் பிடிச்சா தெருவே திரும்பிப் பாக்குது. பின் பிரேக்கு இருக்கா இல்லையான்னே தெரியல. பிள்ளைய மேம்பாலத்துல அனுப்பவே பயமா இருக்கு." அவள் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் வீடு. பள்ளிக்கூடம் போகிற வழியில் ரயில்வே மேம்பாலம் ஒன்று ஏறி இறங்க வேண்டும். சைக்கிள் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 26 இஞ்ச் சக்கரம், கியர் கிடையாது, அலுமினிய ரிம், முன்னும் பின்னும் வி பிரேக். ஃபோர்க்கின் இரு பக்கமும் இரண்டு நீளமான கைகள் நிற்க, மேலே ஒரு வளைந்த குழாய் வழியாகக் கேபிள் வந்து அந்தக் கைகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்குமே, அந்த வகை.

இந்தச் சைக்கிளை விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பிரேக் சரியில்லை என்றதும் எல்லோரும் முதலில் செய்வது கேபிளை இறுக்குவது. இதிலும் இரண்டு முறை அதைத்தான் செய்திருந்தார்கள். இரண்டு முறையும் லிவர் கெட்டியானது, சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. முன்னால் இருந்த கோளாறுக்கும் பின்னால் இருந்த கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. கேபிளின் இறுக்கம் இரண்டுக்குமே மூல காரணம் இல்லை.

கழற்றுவதற்கு முன்

வீட்டு வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மருமகள் வழக்கமாகப் போகிற வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். நின்ற இடம் வரை என் காலடியால் அளந்தேன்: பதினொன்று. வறண்ட சிமெண்ட் தரையில், அந்த வேகத்துக்கு, பின் பிரேக் நன்றாக இருந்தால் ஆறு ஏழு அடிக்குள் நின்றிருக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொன்னபோது கிரீச்சென்ற சத்தத்தோடு ஒன்பது அடியில் நின்றது. முன் பிரேக் எப்போதும் பின் பிரேக்கைவிட நன்றாகப் பிடிக்க வேண்டும். நிறுத்தும்போது உடம்பின் பாரம் முன்சக்கரத்துக்குத்தான் போகிறது. ஆக, அது கத்தியதோடு சரியாகப் பிடிக்கவும் இல்லை.

அடுத்து லிவரைக் கையால் அழுத்திப் பார்த்தேன். இங்கே கொஞ்சம் நிதானமாக இருப்பது நல்லது, விரலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். லிவர் ஹேண்டில் பிடி வரை வந்து முட்டினால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது ரிம்மை அழுத்திப் பிடிக்கிற ரப்பர்க் கட்டை தேய்ந்து, அது ரிம்மை எட்டுவதற்குள் லிவரின் தூரம் தீர்ந்துவிடுகிறது. லிவர் பாதியிலேயே நின்று கெட்டியாக இருக்க, சைக்கிள் மட்டும் நிற்காவிட்டால் கேபிளின் இறுக்கத்தில் குறை இல்லை. கையின் பலம் வழியில் எங்கோ செலவாகிறது, அல்லது கட்டை ரிம்மைத் தொட்டும் வழுக்குகிறது. மூன்றாவது, ரப்பர் பந்தை அமுக்குவது போல மெத்தென்று போவது. அப்போது பெரும்பாலும் கட்டை கோணலாக உட்கார்ந்து வளைந்துகொடுக்கும், அல்லது கேபிளின் வெளி உறை முனை சரியாகப் பொருந்தாமல் நசுங்கும்.

இவளுடைய பின் லிவர் இரண்டாவது வகை. கல் மாதிரி இருந்தது. விட்டதும் டக்கென்று திரும்பாமல் சோம்பலாகத் திரும்பியது. இந்தச் சோம்பல்தான் முதல் துப்பு.

பின் பிரேக்: உறைக்குள் துரு, ரிம்முக்குக் கீழே கட்டை

வி பிரேக்கில் ஒரு வசதி உண்டு. இரண்டு கைகளையும் ஒரு கையால் ரிம்மோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தால், மேலே உள்ள வளைந்த குழாயை அதன் கொக்கியிலிருந்து விரலாலேயே கழற்றிவிடலாம். கழற்றியதும் பிரேக் கைகள் சுதந்திரமாக விரியும், கேபிளும் தளரும். இப்போது இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கலாம்.

பிரேக் கைகளை விரலால் ரிம்மை நோக்கித் தள்ளி விட்டேன். இரண்டும் ஸ்பிரிங்கோடு உடனே துள்ளித் திரும்பின. அப்படியானால் கைகள் நிற்கிற அச்சில் பிரச்சினை இல்லை. அடுத்து லிவரை அழுத்திக்கொண்டே கேபிளின் மறுமுனையை இழுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் எதுவும் பிடிக்காத நிலையிலும் கரகரவென்று, மணலில் இழுப்பது போல வந்தது. கேபிள் உறையைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. நடுத் தண்டிலிருந்து இறங்கி வளைந்த குழாய்க்குப் போகிற கடைசித் துண்டில் உள்கம்பி செம்பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. கடற்காற்று ஒரு பக்கம், மழைத்தண்ணீர் வந்து தேங்க வசதியான வளைவு ஒரு பக்கம். வளைந்த குழாய்க்குள் இருக்கிற பிளாஸ்டிக் உள்ளுறையும் தேய்ந்து கிழிந்திருந்தது.

லிவரில் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கை இந்த உராய்வே தின்றுவிடும். மிச்சம்தான் கட்டைக்குப் போகும். கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் இந்தத் தீனி குறையாது. லிவர் ஓரத்தில், கேபிள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை வெளியே திருகினால் கேபிள் இறுகும். தெருமுனைக் கடையில் அதைக் கடைசி மரை வரை வெளியே திருகிவிட்டிருந்தார்கள். இரண்டே மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் கழன்றே வந்திருக்கும்.

இது ஒரு காரணம். இன்னொன்று கட்டை இருந்த இடம். பின் பிரேக் கட்டைகளின் கீழ் விளிம்பு ரிம்மின் பக்கச்சுவரைத் தாண்டி, போக்ஸ் கம்பிப் பக்கமாக இறங்கியிருந்தது. ரிம்மைத் தொட்ட பகுதி தேய்ந்து, தொடாத பகுதி தேயாமல் ஒரு உதடு போல நீட்டிக்கொண்டு நின்றது.

இது யாரும் தப்பாகப் பூட்டியதால் வந்ததில்லை. வி பிரேக்கில் கைகளின் அச்சு ரிம்முக்குக் கீழே இருக்கிறது. கட்டை அந்த அச்சைச் சுற்றி ஒரு வட்டத்தில்தான் நகரும். புதுக் கட்டை கொஞ்சம் நகர்ந்ததுமே ரிம்மைத் தொடும். தேயத் தேய இன்னும் உள்ளே சாய வேண்டியிருக்கும், சாயச் சாயக் கட்டை கீழே இறங்கும். மூன்று வருடம் கவனிக்காமல் விட்டால் ரிம்மின் அடிக்கே போய்விடும். உதடு வளர்ந்துவிட்டால் ஒருநாள் அது ரிம்முக்கு அடியில் மாட்டிக்கொண்டு பிரேக் விடாமலே நின்றுவிடவும் கூடும்.

முன் பிரேக்: சத்தம் எங்கிருந்து வருகிறது

முன் பிரேக்கில் கேபிள் நன்றாகவே ஓடியது. கட்டையும் ரிம்மின் நடுவில்தான் இருந்தது. ஆனால் ரிம்மை விரலால் தடவினால் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். கேட்டதற்கு மருமகள் தயங்கிக்கொண்டே சொன்னாள்: "அப்பாதான் மாமா, சத்தம் போகட்டும்னு ரெண்டு சொட்டு விட்டாங்க. ரெண்டு நாள் கத்தல. அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு."

கதவுக் கீலுக்கு விடுகிற மாதிரி பிரேக்குக்கும் எண்ணெய் விடுவது பலர் வீட்டில் நடக்கிறது. பயங்கரமான தவறு இது. கட்டை ரிம்மைப் பிடிப்பதே உராய்வால். எண்ணெய் விட்டால் சத்தத்தோடு பிரேக்கும் போகும். ஒன்பது அடிக்கு இதுதான் காரணம்.

ஆனால் எண்ணெய் விடுவதற்கு முன்னாலேயே அது கத்தியதே, ஏன்? குனிந்து மேலிருந்து பார்த்தபடி லிவரை மெதுவாக அழுத்தினேன். கட்டையின் பின் நுனி முதலில் ரிம்மைத் தொட்டது. முன் நுனியில் ஒரு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தது.

கரும்பலகையில் சாக்பீஸ் கத்துவதும் இதே விதம்தான். பலகையில் சாக்பீஸைச் சாய்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் சத்தம் வராது. அதே சாய்வில் முன்னால் குத்தித் தள்ளினால் கிரீச்சிடும். பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும், ஒரு நொடியில் பல நூறு தடவை. பிரேக் இருக்கிற இடத்தில் ரிம் பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது. கட்டையை அது முன்னால் இழுக்கும்போது, அந்த நீளமான கை கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கும்போது கட்டையின் முன் நுனி வெளியே விலகும், பின் நுனி உள்ளே குத்தும். ஏற்கெனவே பின் நுனிதான் முதலில் தொடுகிறது என்றால், அது ரிம்மைக் குத்திப் பிடித்து, தாங்காமல் விட்டு, மறுபடி குத்தும். அந்தத் துடிப்பை ஃபோர்க்கும் ரிம்மும் வாங்கி மணி மாதிரி பெரிதாக்குகின்றன.

ஆகவே கட்டையை வைக்கும்போதே முன் நுனி முதலில் தொடுகிற மாதிரி, பின் நுனியில் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். பிடிக்கிறபோது கை முறுக்கிக்கொள்வதால் அந்த இடைவெளி தானாக மூடி, கட்டை முழுதும் ரிம்மில் படியும். முன் நுனி என்றால் சைக்கிள் போகிற திசையில் உள்ள நுனி. முன் பிரேக், பின் பிரேக் இரண்டுக்கும் அதே கணக்குதான்.

கத்துகிற பிரேக் எல்லாவற்றுக்கும் கோணல் கட்டைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பிரேக் கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அச்சில் லொடலொடவென்று ஆடினால் அந்த போல்ட்டை இறுக்காமல், அல்லது தேய்ந்த கையை மாற்றாமல், எந்தக் கோணமும் நிற்காது. முன் பிரேக்கை அழுத்தியபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் அடியில் டொக் டொக்கென்று வருகிறதா? அது பிரேக்கின் கோளாறு இல்லை, ஹேண்டில் கப் தளர்ந்திருக்கிறது. இந்தச் சைக்கிளில் இரண்டும் இல்லை.

செய்த வேலை

முதலில் சக்கரம். தலைகீழாக நிறுத்திச் சுற்றிப் பார்த்ததில் பின் சக்கரத்தில் ஒரே இடத்தில் லேசான கோட்டம். ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடினால் கோட்டம் எடுக்காமல் பிரேக்கைத் தொடுவதில் அர்த்தமே இல்லை. ரிம் ஆடுகிற அளவுக்கு இடைவெளி விட வேண்டியிருக்கும், லிவர் தொங்கிவிடும்.

அடுத்து எண்ணெய். பாத்திரம் கழுவுகிற சோப்பும் வெந்நீரும் வைத்து இரண்டு ரிம்களின் பக்கச்சுவரையும் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் மெடிக்கல் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, துணியில் கறுப்பு வராத வரைக்கும் துடைத்தேன். சிலர் மண்ணெண்ணெயால் துடைப்பார்கள். அழுக்கு போகும், ஆனால் அதுவும் எண்ணெய்தான், பின்னால் ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும்.

முன் கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்து, பளபளப்பான மேல்தோலை எடுத்தேன். உள்ளே பதிந்திருந்த அலுமினியப் பொடிகளை ஊசி நுனியால் நெம்பி எடுத்தேன். பொடி பதிந்திருந்தால் அதுவே ரிம்மைச் சுரண்டிக்கொண்டு ஒரு கரகரப்பைத் தரும். இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். எண்ணெய் குடித்த ரப்பரைத் தேய்த்தால் போதும் என்று நினைத்தேன். அன்று மாலை நன்றாகப் பிடித்தது. மூன்றாம் நாள் தங்கச்சி மறுபடி போன் செய்தாள். பிரேக் பிடித்துச் சூடாகும்போது ஆழத்தில் இருந்த எண்ணெய் மேலே வந்துவிட்டது போல, ரிம்மில் மறுபடி அந்தக் கறுப்புப் பசை. முன்னும் பின்னும் நாலு கட்டைகளையும் புதிதாக வாங்கினேன். முன் ரிம்மை மறுபடி ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டியதாயிற்று. எண்ணெய் பட்ட கட்டையைக் காப்பாற்ற முயற்சி செய்ய வேண்டாம், நேராகத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பின் கேபிளை உள்கம்பி, வெளி உறை, வளைந்த குழாய் என்று முழுதும் மாற்றினேன். உறையை வெட்டும்போது கட்டிங் பிளேயரின் வாய் அதை நசுக்கி மூடிவிடும். வெட்டிய முனையை அரத்தால் சமமாக்கி, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் குழாயின் வாயை ஓர் ஆணியால் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புதுக் கேபிளும் பழையது போலவே கரகரக்கும். பழைய உறையின் நீளத்துக்கே புதியதையும் வெட்டினேன், ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது இழுபடக் கூடாது.

இப்போது கட்டை வைப்பது. கட்டையின் திருகைச் சுற்றி ஒரு பக்கம் குழிந்தும் மறுபக்கம் குமிழாகவும் ஜோடி ஜோடியாக வாஷர்கள் இருக்கும். அவை ஒன்றுக்குள் ஒன்று உருளுவதால்தான் கட்டையை எந்தக் கோணத்துக்கும் சாய்க்க முடிகிறது. கழற்றியபோது எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வைத்திருந்தேன். வரிசை மாறிப் பூட்டினால் கட்டை ஒரே கோணத்தில் அடம்பிடிக்கும், எத்தனை முறை சரிசெய்தாலும் இறுக்கும்போது திரும்பிவிடும்.

உயரத்தை இப்படி வைத்தேன்: கட்டையின் மேல் விளிம்பு ரிம்மின் மேல் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே. டயரை எந்த நிலையிலும் தொடக் கூடாது. கீழ்ப்பக்கம் இடம் மிச்சம் இருக்கட்டும், தேயத் தேயக் கட்டை அங்கேதான் இறங்கப்போகிறது. கட்டை ரிம்மின் வளைவோடு சேர்ந்து வளைந்திருக்கும், அம்புக்குறி இருந்தால் அது முன்பக்கம் பார்க்க வேண்டும்.

பின் நுனி இடைவெளிக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து இரண்டாக மடித்து, கட்டையின் பின் நுனிக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகினேன். மருமகள் லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கட்டை தானாகவே அட்டையின் மேல் சாய்ந்து உட்கார்ந்தது. அப்படியே 5 மி.மீ. அலன் கீயால் இறுக்கினேன். இறுக்கும்போது கட்டையும் திருகோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடிக்காவிட்டால், கடைசிக் கால் சுற்றில் ஒரு நுனி போய் டயரில் முட்டும். எனக்கு ஒரு கட்டைக்கு மூன்று முறை கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது, இந்த வேலையில் அவசரம் ஆகாது.

கேபிளின் முறை கடைசியில்

கட்டை இடம் மாறினால் அதற்கும் ரிம்முக்கும் உள்ள தூரமும் மாறிவிடும். அதனால்தான் கேபிளைக் கடைசியில் தொட வேண்டும். லிவர் ஓரத் திருகை முழுதும் உள்ளே விட்டு, இரண்டு சுற்று வெளியே எடுத்தேன். பின்னாளில் இரண்டு பக்கமும் திருக இடம் வேண்டும். பிறகு பிரேக் கைகளை ரிம்மோடு சேர்த்துப் பிடித்து, கேபிளை இழுத்து, பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டு, கவ்வுகிற போல்ட்டை இறுக்கினேன். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

இறுக்கியதும் லிவரை முழு பலத்தோடு பத்து முறை அழுத்த வேண்டும். புது உறை முனைகள் இடத்தில் போய் உட்காரும். கவ்வியது சரியில்லை என்றால் கேபிள் இப்போதே வழுக்கும். மேம்பாலத்தில் வழுக்குவதற்கு வாசலில் வழுக்கட்டும். பின் கேபிள் இதில் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தது. திருகை ஒரு சுற்று வெளியே எடுத்து, அதன் பூட்டு நட்டை இறுக்கினேன். லிவர் தன் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் கட்டை ரிம்மைத் தொட்டது. முழுதாக அழுத்தினாலும் ஹேண்டில் பிடிக்கும் லிவருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய இடம் இருந்தது.

பின் பிரேக்கில் இடது கட்டை மட்டும் உரசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கையின் அடியிலும் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்குரூ உண்டு. உள்ளே திருகினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் இறுகி, கட்டையை ரிம்மிலிருந்து இழுக்கும். இடது ஸ்குரூவை அரைச் சுற்று உள்ளே, லிவரை ஒரு அழுத்து, மறுபடி கால் சுற்று. இரண்டு பக்கமும் சமமாயின. கடைசியில் கேபிள் நுனி பிரியாமல் இருக்க ஒரு அலுமினியத் தொப்பியை நசுக்கி மாட்டினேன்.

பிறகு

அதே கோடு, அதே வேகம். பின் பிரேக் மட்டும்: ஆறரை அடி. முன் பிரேக் மட்டும்: நாலு அடி, சத்தம் இல்லை. முன் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாமல், பின் பிரேக்கோடு சேர்த்து மெதுவாகக் கூட்டிப் பிடிக்க மருமகளைப் பத்துத் தடவையாவது பழகவைத்தேன். ஒன்பது அடி பிரேக்குக்குப் பழகிய கை அதே வேகத்தில் இப்போது அழுத்தினால் பின்சக்கரம் தூக்கிவிடும்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது பின் லிவர் சற்றுத் தளர்ந்திருந்தது. புதுக் கேபிளில் இது எதிர்பார்த்ததுதான். ஓரத் திருகில் அரைச் சுற்று போதுமானதாக இருந்தது. மழை நாளில் முதல் இரண்டு சுற்றுக்கு முன் பிரேக் லேசாக முனகுகிறது, ரிம் காய்ந்ததும் நின்றுவிடுகிறது. அதை விட்டுவிட்டேன், நனைந்த ரிம்மில் அந்த அளவு சத்தம் இருக்கத்தான் செய்யும். மச்சான் எண்ணெய்க் குப்பியைச் சைக்கிள் பக்கத்திலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார், செயினுக்கு மட்டும் எடுக்கிறார். அதுவும் சக்கரத்தின் மேல் ஒரு பழைய துணியைப் போர்த்திவிட்டு.